ஜும்ஆவுக்கு எதை உடுப்பது: சாரமா, ஜுப்பாவா, காற்சட்டையா? பெண்களுக்கு அபாயாவா, தொழுகை அங்கியா?

கல்முனையில் ஆசிரியராக இருக்கும் என் மச்சான், சென்ற நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு ஒரு கேள்வியுடன் வந்தார். வெள்ளிக்கிழமைக்கென்று தனியாக இரண்டு சோடி உடுப்பு எடுக்க வேண்டும், ஆனால் வாப்பா உடுத்தது போலச் சாரமும் சேட்டுமா, இளைஞர்கள் உடுத்துகிற ஜுப்பாவா, வேலையிலிருந்து நேராகப் பள்ளிக்கு வருகிறவர்கள் உடுத்துகிற நீளக் காற்சட்டையா என்று முடிவெடுக்க முடியவில்லை என்றார். கூடவே வந்திருந்த என் தங்கச்சிக்கும் ஒரு கேள்வி இருந்தது. "காக்கா, வெளியே போடுகிற அபாயாவோடு தொழுதால் போதுமா, அல்லது தொழுகைக்கென்று பருத்தியில் ஒன்று தைத்துக்கொள்ளவா?" என்று கேட்டாள்.

மருதமுனையில் துணி வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் எனக்குப் புதியவை அல்ல. இருந்தாலும், கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் விலையையும் நிறத்தையும் மட்டும் பார்த்துவிட்டு, துணி எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பள்ளியின் ஸப்பில் நின்ற பிறகே தெரிந்துகொள்கிறார்கள். ஆகவே, அவர்கள் இருவருக்கும் சொன்னதைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

முதலாவது அளவுகோல் மறைவு. நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி தொழுகையில் ஆண் மறைக்க வேண்டிய பகுதி தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது. பெண்ணுக்கு முகமும் மணிக்கட்டு வரையிலான கைகளும் தவிர மற்ற அனைத்தும் மறைய வேண்டும். பாதங்களும் அதில் அடங்கும். மறைவு என்பது மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் பார்க்கும்போது தோலின் நிறம் தெரியாமல் இருப்பதைக் குறிக்கும். கீழிருந்து பார்க்கும் பார்வை கணக்கில் எடுக்கப்படுவதில்லை என்பதால்தான் அடிப்பக்கம் திறந்த சாரமும் ஜுப்பாவும் தடையின்றித் தொழுகைக்கு ஏற்றவையாக இருக்கின்றன. கண்ணாடி முன் நின்று பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. உடை தோற்றுப்போகும் இடம் ருகூஉவும் சுஜூதும்தான்.

இரண்டாவது வியர்வை. ஜும்ஆ நடப்பது வெயில் உச்சியில் நிற்கும் நேரத்தில். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் காலத்தில், பள்ளி நிரம்பி வெளி விறாந்தையில் பாய் விரித்திருக்கும்போது, குத்பா தொடங்கித் தொழுகை முடியும் வரை ஒரே உடுப்புக்குள் அசையாமல் இருக்க வேண்டும். பருத்தி, சாதாரண ஈரப்பதனில் தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத அளவுக்கு ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும் இயல்புடையது. விஸ்கோஸ் அதைவிடவும் அதிகமாக, 11 முதல் 13 சதவீதம் வரை வைத்திருக்கும். பொலியெஸ்டரோ அரைச் சதவீதத்துக்கும் குறைவாகவே ஏற்கும். அதனால் முதுகில் ஊறும் வியர்வை பொலியெஸ்டர் துணிக்குள் போகாமல் தோலுக்கும் துணிக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. துணி தோலோடு ஒட்டுகிறது. ஒட்டும்போது மெல்லிய துணி உடலின் வடிவத்தையும் நிறத்தையும் காட்டிக்கொடுக்கிறது. இப்படி வியர்வைப் பிரச்சினை மறைவுப் பிரச்சினையாகவும் மாறிவிடுகிறது.

மூன்றாவது கவனம். நபி (ஸல்) அவர்கள் வேலைப்பாடுள்ள கமீஸா என்னும் போர்வையை அணிந்து தொழுதபோது அதன் வேலைப்பாடு தம் கவனத்தைத் திருப்பியதாகச் சொல்லி, அதை அபூஜஹ்மிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேலைப்பாடற்ற அன்பிஜானிய்யாப் போர்வையைக் கேட்டு வாங்கிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தொழுபவரின் கண்ணில் படும் உடை பெரும்பாலும் அவருடையது அல்ல, முன் ஸப்பில் நிற்பவரின் முதுகுதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். முதுகில் எட்டு அங்குலத்தில் எழுத்தடித்த ரீசேட்டோடு வருகிற தம்பி தன் தொழுகையைக் கெடுத்துக்கொள்கிறாரோ இல்லையோ, பின்னால் நிற்பவர் அந்த எழுத்தை நான்கு ரக்அத் அளவுக்கு வாசித்து முடித்துவிடுகிறார், ஜும்ஆ இரண்டு ரக்அத்துதான் என்றாலும்.

நான்காவது பராமரிப்பு. கஞ்சி, அயன், மாரி காலத்தில் காய்தல், தைத்த பின் சுருங்குதல் ஆகியவை இதில் வரும். கடையில் கொடுக்கும் பணத்தோடு செலவு முடிவதில்லை.

## ஆண்களுக்கு: சாரமும் சேட்டும்

மருதமுனைக் கைத்தறிச் சாரத்தைப் பற்றி நான் சொல்வது சொந்தச் சரக்கைப் புகழ்வதாகத் தோன்றலாம். அதனால் முதலில் அதன் குறையைச் சொல்லிவிடுகிறேன். சாரத்துக்கு எதிரி சுஜூது அல்ல, சுஜூதிலிருந்து எழும்பும் கணம். முன் விளிம்பு முழங்காலுக்குக் கீழ் அகப்பட்டுக்கொண்டால், எழும்பும்போது இடுப்பு முடிச்சைக் கீழே இழுக்கும். புதுச் சாரத்தில் கஞ்சி இருப்பதால் முடிச்சு வழுக்கும். இரண்டு மூன்று முறை தோய்த்த பிறகு நூல் மென்மையாகி முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். முதல் வெள்ளிக்கிழமையே புதுச் சாரத்தைப் பெல்ட் இல்லாமல் உடுத்துப் போகிறவர் தொழுகை முழுவதும் ஒரு கையை இடுப்பில் வைத்திருக்க நேரும்.

இதைத் தவிர, நம் காலநிலையில் சாரத்துக்கு நிகராக எதுவும் இல்லை. காற்று கீழிருந்து புகுந்து மேலே போகிறது. கால்களில் துணி ஒட்டுவதில்லை. அமர்வில் முழங்காலை மடக்கும்போது எங்கும் இறுக்கம் வருவதில்லை. தொப்புளுக்கு மேலே கட்டுகிற வழக்கம் இருப்பதால், சுஜூதில் சேட் ஒரு சாண் அளவுக்கு மேலேறினாலும் மறைய வேண்டிய பகுதி சாரத்துக்குள்ளேயே இருக்கிறது. நெருக்கமாக நெய்த நிறச் சாரத்தில் ஊடுருவித் தெரியும் சிக்கலும் இல்லை. வெள்ளைச் சாரம் எடுப்பவர் மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே எடுக்க வேண்டும்.

சாரத்துடன் போடும் சேட் தூய பருத்தியாக இருந்தால், அயன் பண்ணி நூறு யார் நடப்பதற்குள் கசங்கிவிடும் என்பது உண்மை. பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணி அவ்வளவு கசங்காது. பருத்தி பாதிக்குக் குறையாமல் இருக்கும் கலவை இங்கே நியாயமான சமரசம் என்பது என் கருத்து. மாரியில், அதாவது நவம்பர் முதல் ஜனவரி வரை, தூய பருத்தி கொடியில் இரண்டு நாள் தொங்கியும் காயாமல் மக்கு வாடை அடிக்கத் தொடங்கும் நேரத்தில் அந்தக் கலவைச் சேட்டின் அருமை தெரியும்.

## ஆண்களுக்கு: ஜுப்பா

ஜுப்பாவின் பெரிய நன்மை, அது ஒரே உடையாகத் தோளிலிருந்து தொங்குவதால் சுஜூதில் முதுகு வெளியே தெரியும் பேச்சுக்கே இடமில்லாமல் போவது. இடுப்பு முடிச்சும் இல்லை. ஆனால் சந்தையில் அதிகமாகக் கிடைக்கும் வெள்ளை ஜுப்பாக்களில் பல மெல்லிய பொலியெஸ்டர். ஒற்றைப் படையாக உடுத்து வாசல் வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் காலின் உருவம் முழுதாகத் தெரியும். ஆகவே உள்ளே ஒரு சாரமோ நீண்ட உள்காற்சட்டையோ கட்டாயம் வேண்டும். அது இரண்டாவது உடை, இரண்டாவது செலவு, வெயிலில் இரண்டாவது படை. உள்ளாடை வெள்ளையாக இருந்தால் வெள்ளை ஜுப்பாவுக்குள் அது பளிச்சென்று தெரியும். தோல் நிறத்தை ஒட்டிய வெளிர் பழுப்பு நிறம் தெரியாது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் பள்ளிக்குப் போய் வந்த பிறகு திரும்பி வந்து கேட்கிறார்கள்.

தைக்கக் கொடுப்பதாக இருந்தால் மறைந்திருக்கும் செலவு சுருக்கம். 58 அங்குல அகலத் துணியில் நடுத்தர உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 3 மீற்றர் போகும். முன்கூட்டிச் சுருக்கப்படாத பருத்தி முதல் தோய்ப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். 140 சென்ரிமீற்றர் நீளத்துக்குத் தைத்த ஜுப்பா 4 சதவீதம் சுருங்கினால் 5.6 சென்ரிமீற்றர் குறைந்து, கணுக்காலுக்கு மேல் அளவாக நின்றது கெண்டைக்காலில் வந்து நிற்கும். கணுக்காலுக்குக் கீழே இழுபடாமல் இருப்பது ஆண்களுக்கு விரும்பத்தக்கது என்பதால் பலர் முதலிலேயே குட்டையாகத் தைக்கச் சொல்கிறார்கள். சுருங்கிய பின் பார்ப்பதற்குத் தம்பியின் உடுப்பை வாங்கி உடுத்தது போலிருக்கும். துணியை ஒரு இரவு வெறும் நீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயவைத்து, பிறகு தையற்காரரிடம் கொடுத்தால் இந்த நட்டம் வராது.

## ஆண்களுக்கு: நீளக் காற்சட்டையும் சேட்டும்

அலுவலகத்திலிருந்தோ பாடசாலையிலிருந்தோ நேரே வருபவருக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆனால் மூன்றில் மறைவு தவறுவதற்கு அதிக வாய்ப்புள்ளது இதுதான். இப்போதைய காற்சட்டைகள் இடுப்பெலும்பில் நிற்பவை. அதாவது தொப்புளுக்குக் கீழே. அதற்கும் தொப்புளுக்கும் இடைப்பட்ட பகுதியை மறைப்பது சேட் மட்டுமே. சேட்டை வெளியே விட்டு உடுத்தால் சுஜூதில் அது முதுகில் மேலேறும். உள்ளே செருகினால் இழுபட்டு வெளியே வரும். பின் ஸப்பில் நிற்பவர் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிப்பதை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். நீளமான பெனியன் ஒன்றைக் காற்சட்டைக்குள் ஆழமாகச் செருகி அதன் மேல் சேட் உடுத்தால் இந்தப் பிரச்சினை ஏறத்தாழத் தீர்ந்துவிடும். காற்றில் விலகி உடனே மூடப்பட்டால் தொழுகை கெடாது என்றாலும், ஒவ்வொரு சுஜூதிலும் விலகும் உடையை அந்தச் சலுகையின் கீழ் கொண்டுவருவது சரியில்லை.

| | சாரம், சேட் | ஜுப்பா | காற்சட்டை, சேட் |
|---|---|---|---|
| சுஜூதில் மறைவு | நன்று. முடிச்சு கவனம் | மிக நன்று. உள்ளே ஒரு படை வேண்டும் | பெனியன் இல்லாவிட்டால் சந்தேகம் |
| வெயிலில் | மிக நன்று | துணியைப் பொறுத்தது | முழங்காலிலும் இடுப்பிலும் இறுக்கம் |
| மறைந்த செலவு | கஞ்சி, பெல்ட் | உள்ளுடை, சுருக்கம் | முழங்கால் மினுங்குதல், சீக்கிரம் மாற்ற நேர்தல் |
| யாருக்கு | வீட்டிலிருந்து போகிறவர் | இமாம், முன்ஸப்பில் நிற்பவர், குனியும்போது இடுப்பு முடிச்சு நிற்காதவர் | வேலையிலிருந்து நேரே போகிறவர் |

## பெண்களுக்கு: வெளியே போடும் அபாயாவோடு தொழுவது

பெண்களுக்கு ஜும்ஆ கடமையில்லை. பெரும்பாலான பெண்கள் வெள்ளிக்கிழமை வீட்டில் ளுஹர் தொழுகிறார்கள், பெண்களுக்கு இடமுள்ள பள்ளிகளில் சிலர் ஜும்ஆவிலும் கலந்துகொள்கிறார்கள். இந்த வேறுபாடுதான் தங்கச்சியின் கேள்விக்குப் பாதி விடை. பள்ளிக்குப் போகிறவளுக்கு ஒரே உடை வீதிக்கும் தொழுகைக்கும் பொருந்த வேண்டும். வீட்டில் தொழுகிறவளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அபாயாவின் பலவீனம் கை. அகலக் கை வைத்த அபாயாவில் தக்பீருக்குக் கையை உயர்த்தும்போது துணி முழங்கை வரை வழுகி இறங்கும். மணிக்கட்டுக்கு மேலே தெரிவது மறைய வேண்டிய பகுதி. மணிக்கட்டில் இலாஸ்ரிக் வைத்துத் தைப்பதோ, உள்ளே இறுக்கமான கையுறை போன்ற உள்கை ஒன்றைப் போடுவதோதான் வழி. கை அகலமாக இருப்பதுதான் நாகரிகம் என்று விற்பவர் சொல்வார். வாங்குபவர் கடையிலேயே ஒரு முறை கையை உயர்த்திப் பார்த்துவிட வேண்டும். அடுத்தது முக்காடு. சிபோன் போன்ற வழுக்கும் துணி நெற்றியோரத்தில் முடியையும் நாடிக்குக் கீழேயும் விலக்கிக் காட்டும். உள்ளே ஒரு பருத்தி உள்தொப்பி இருந்தால் வழுக்காது.

நிதா, கிரேப் என்ற பெயர்களில் விற்கப்படுபவை பெரும்பாலும் பொலியெஸ்டர். அவை நன்றாகத் தொங்கும், கசங்காது, நிறம் மங்காது, மாரியில் ஒரு இரவில் காயும். வெயிலில் மட்டும் அவை வியர்வையை ஏற்காது. கறுப்பு வெப்பத்தை ஈர்க்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1980 இல் நேச்சர் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, பாலைவன பதூயின்கள் அணியும் தளர்வான கறுப்பு அங்கிக்குள் உடலுக்குச் சேரும் வெப்பம் வெள்ளை அங்கிக்குள் சேர்வதைவிட அதிகமில்லை என்று காட்டியது. துணி ஈர்த்த வெப்பம் தோலைச் சேருமுன் உள்ளே ஓடும் காற்றில் போய்விடுகிறது என்பதே காரணம். இதை நம்பிக் கறுப்பு பொலியெஸ்டரை எடுத்துவிட வேண்டாம்: அந்த ஆய்வு உலர்ந்த பாலைவனத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில் நடந்தது, நம் கரையோர ஈரப்பதனில் வியர்வை ஆவியாவது மெதுவாகவே நடக்கும். இருந்தாலும், தளர்வாகத் தைத்தால் நிறத்தின் குற்றம் பாதியாவது குறையும் என்ற அளவுக்கு அதில் நமக்குப் பாடமுண்டு. கறுப்பு முதுகில் காய்ந்த வியர்வை வெள்ளை உப்புக் கோடாகப் படிந்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாம்பல், கருநீலம், கடும் பழுப்பு நிறங்களில் அது அவ்வளவு எடுத்துக் காட்டாது.

கச்சான் காற்றையும் சொல்ல வேண்டும். கடற்கரை வீதியில் நடக்கும்போது இலேசான துணி காலோடு சேர்ந்து ஒட்டி உருவத்தைக் காட்டும், அல்லது மேலெழும்பும். விளிம்பை இரண்டு அங்குலம் மடித்துத் தைத்தால் அதன் கனம் துணியைக் கீழே வைத்திருக்கும். தரையைத் தொடும் நீளமாக மட்டும் தைக்க வேண்டாம். காத்தான்குடி போன்ற ஊர்களின் மணல் ஒழுங்கைகளில் விளிம்பு வாருகோல் வேலை செய்துவிட்டு அதே துணி தொழுகைப் பாயில் வந்து படும்.

## பெண்களுக்கு: தொழுகைக்கென்று தனியாக ஒரு அங்கி

இரண்டு துண்டாகத் தைக்கப்படுவது இது: முகம் தவிரத் தலையிலிருந்து முழங்கால் வரை விழும் நீள முக்காடு, அதன் கீழே பாதத்தை மறைக்கும் பாவாடை. கையை முக்காட்டின் உள்ளேயே உயர்த்துவதால் முழங்கை தெரியும் பேச்சு இல்லை. ஊசி குத்தும் வேலையும் இல்லை; தலையில் போட்டால் அரை நிமிடத்தில் தயார். வீட்டில் தொழுகிறவர்களுக்கு, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பாங்கு சொல்லிவிட்டால் அவசரமாக மாற்ற முடியாத தாய்மார்களுக்கு, இதற்கு இணை இல்லை.

பருத்தியில் தைத்தால் மீற்றர் கணக்கு முக்கியம். 58 அங்குல அகலத்தில் இரண்டு துண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 4 மீற்றர் போகும். தைப்பவரின் வெட்டைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். இவ்வளவு துணி தலையில் தொங்குவதால் தடித்த பருத்தி கழுத்தை இழுக்கும். மெல்லிய பருத்தியை எடுத்தால் வெள்ளையில் முடியின் கறுப்பு தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே பொருந்துவது நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தி, வெளிர் நிறத்தில்: இளநீலம், மங்கல் பச்சை, சந்தனம். வெள்ளைதான் வேண்டும் என்பவர் முக்காட்டின் தலைப் பகுதிக்கு மட்டும் ஓர் உள்துணி வைத்துத் தைக்கச் சொல்லலாம். விஸ்கோஸ் இன்னும் குளிர்ச்சியாக, தோலில் பூப்போல இருக்கும்; ஆனால் ஈரத்தில் அதன் வலிமை குறையும், சுருக்கமும் பருத்தியைவிட அதிகம். கல்லில் அடித்துத் தோய்ப்பவர் வீட்டில் அது ஒரு வருடம் தாங்காது.

இந்த அங்கியின் குறை, அது பள்ளிக்கு நடந்து போகும் உடையாக இல்லாதது. பையில் மடித்துக்கொண்டுபோய் அங்கே மாற்ற வேண்டும். பயணத்தில் இருப்பவருக்கும் சிரமம்.

## சேலையும் முக்காடும்

உம்மாமார் இன்னும் இப்படித்தான் தொழுகிறார்கள்; நீளக் கைச் சட்டையும் உள்பாவாடையும் முழுதாக இருந்து, முந்தானையைத் தலையில் இழுத்து நாடிக்குக் கீழே இறுக்கிக்கொள்ளத் தெரிந்தால் அதில் குறை இல்லை. ஆனால் இடுப்புப் பகுதி ருகூஉவில் விலகாமல் இருக்கச் சட்டை நீளமாக வேண்டும், இப்போது தைக்கிற குட்டைச் சட்டைகளில் அது இல்லை. புதிதாக ஒருவருக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

## கடையில் துணியைச் சோதிக்கும் மூன்று வழி

முதலாவது, கையை விரித்துத் துணிக்கு அடியில் வைத்து வாசல் வெளிச்சத்தில் பார்ப்பது. விரல்களின் இடைவெளி எண்ணக்கூடியதாகத் தெரிந்தால் அது ஒற்றைப் படையில் தொழுகைக்கு உதவாது. கடைக்குள் குழாய் விளக்கின் கீழ் பார்த்து எடுப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இரண்டாவது, விரலால் ஒரு துளி நீர். பருத்தியில் உடனே பரவும். பொலியெஸ்டரில் சற்று நேரம் முத்தாக நிற்கும். ஆனால் புதிய கைத்தறித் துணியில் கஞ்சி இருப்பதால் பருத்தியிலும் துளி தயங்கும். ஆகவே அந்தச் சோதனை மட்டும் போதாது.

மூன்றாவது, தையல் ஓரத்திலிருந்து இழுத்த ஒரு நூலைத் தீக்குச்சியில் காட்டுவது. பருத்தியும் விஸ்கோஸும் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக நிற்கும். தலைமுடி கருகும் வாடை வந்தால் அது பட்டு அல்லது கம்பளி. ஆண்களுக்கு இது முக்கியம்: தூய பட்டு ஆணுக்குத் தடை, கலவையில் பட்டின் எடை மற்ற நூலைவிட அதிகமில்லாவிட்டால் ஷாபிஈ மத்ஹபில் தடையில்லை. "சில்க் சாரம்" என்று பெயர் எழுதி விற்கப்படுபவற்றில் பல பட்டே அல்ல, மினுங்கும் விஸ்கோஸோ பொலியெஸ்டரோதான். பெயரைப் பார்த்துப் பயந்து விடுவதும் வேண்டாம், மினுக்கத்தை நம்பி விலை கொடுப்பதும் வேண்டாம்.

## வெள்ளையும் அதைக் காப்பாற்றுவதும்

வெள்ளை உடுங்கள், அது உங்கள் உடைகளில் சிறந்தது என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. அதனால் வெள்ளைக்கு முதலிடம் கொடுப்பது இயல்பு. ஆனால் வெள்ளை மஞ்சளாவது அதன் மறைந்த செலவு. கிணற்று நீரில் இரும்பு கலந்துள்ள வீடுகளில், சலவைக்கு கிளோரின் வெளுப்பான் ஊற்றினால் துணி இன்னும் பழுப்பாகும். வெளுப்பான் நீரிலுள்ள இரும்பைத் துருவாக்கி நூலில் படியவைக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் மழைநீரிலோ குழாய் நீரிலோ வெள்ளையை மட்டும் தனியாகத் தோய்க்க வேண்டும், அல்லது வெள்ளையை விட்டுப் பாலாடை நிறத்துக்குப் போக வேண்டும். அக்குளில் வரும் மஞ்சளுக்கு வியர்வையோடு சேரும் வியர்வைத் தடுப்புக் களிம்பும் காரணம். வெள்ளிக்கிழமை குளித்தவுடன் அதைப் பூசி ஈரம் காயுமுன் சேட்டை மாட்டுவதுதான் அதைத் துணியில் இறக்குகிறது. துணி மிருதுவாக்கும் திரவத்தைப் பருத்திக்குப் போடுவதையும் நிறுத்துங்கள். நூலின் மேல் அது பூச்சாகப் படிந்து, வியர்வையை உறிஞ்சும் இயல்பைக் குறைத்துவிடும். பருத்திக்குக் கொடுத்த காசு வீணாகும்.

## மச்சானும் தங்கச்சியும் எடுத்தது

மச்சான் வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை இல்லாதவர். வீட்டிலிருந்து பள்ளிக்குப் பத்து நிமிட நடை. ஆகவே சாரமும் சேட்டும் அவருக்கு முதன்மை. இரண்டு சோடி என்றால் ஒவ்வொன்றும் வருடத்தின் 52 வெள்ளிகளில் 26 முறைதான் தோய்க்கப்படும். அதனால் சற்று விலை கூடிய நெருக்க நெசவுச் சாரம் எடுத்தாலும் நீண்ட நாள் தாங்கும். ஒன்று வெளிர் சாம்பல் கோடிட்ட கைத்தறி, மற்றது இளநீலம். சேட் இரண்டில் ஒன்று தூய பருத்தி வெள்ளை, மாரிக்காக மற்றது கலவை. ஜுப்பாவின் மேல் ஆசை விடவில்லை. ஒரு பெருநாளுக்காகப் பாலாடை நிறத்தில் ஊறவைத்த துணியில் ஒன்று தைக்கச் சொன்னேன். அளவு எடுக்கும்போது தையற்காரரின் முன்னே அவரை ருகூஉவுக்குக் குனியச் சொன்னேன், தையற்காரர் அதைப் பார்த்து நீளத்தை ஒரு விரல்கடை கூட்டினார்.

தங்கச்சி வீட்டில் தொழுவதே அதிகம் என்பதால் தனி அங்கிதான் அவளுக்குச் சரி. சந்தன நிறத்தில் 4 மீற்றர் எடுத்து, ஊறவைத்துக் காயவைத்தபோது 13 சென்ரிமீற்றர் குறைந்திருந்தது. முன்பே தைத்திருந்தால் பாவாடை குட்டையாகியிருக்கும். வெளியே போவதற்கு இருந்த கறுப்பு அபாயாவைத் தூக்கிப் போடாமல், கைகளில் இலாஸ்ரிக் மட்டும் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளி மாலை மச்சான் தொலைபேசியில் அழைத்து, சாரம் நன்றாக இருந்ததாகவும், ஆனால் பெல்ட் கட்ட மறந்துவிட்டதாகவும் சொன்னார். இரண்டாவது ரக்அத்தில் இடது கையைத் தக்பீர் கட்டாமல் எங்கே வைத்திருந்தார் என்பதை நான் கேட்கவில்லை.